‘வில்லங்கம் எதுவும் இல்லை’ என்ற வரிக்குள் என்ன இருக்கிறது?

"ஐயா, ஓமந்தைப் பக்கம் 2 ஏக்கர் காணி விலை பேசி வைத்திருக்கிறோம். அம்மாவின் பெயரில் எழுத யோசனை. பாதிக் காசு கனடாவில் இருக்கிற அண்ணா தருகிறார். உறுதியின் வரைவு ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. அதில் ‘என்கம்பரன்ஸ்’ ஒன்றும் இல்லை என்று ஒரு வரி வருகிறது. அதை அம்மாவுக்குத் தமிழில் எப்படிச் சொல்வது? கையெழுத்துப் போட முதல் நாங்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?"

தம்பி, அம்மாவுக்கு ஒரே சொல்லில் சொல்வதென்றால் ‘வில்லங்கம்’ என்று சொல்லுங்கள். உடனே விளங்கிக்கொள்வா. அரச பத்திரங்களில் ‘பொறுப்பு’ என்று இருக்கும், சில மொழிபெயர்ப்பாளர்கள் ‘சுமை’ என்று போடுவார்கள். மூன்றும் ஒன்றுதான். காணி ஒருவருடையதாக இருக்க, அதே காணியில் இன்னொருவருக்கு ஒரு பிடி இருப்பதுதான் வில்லங்கம். விற்பவர் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்தப் பிடி அவரோடு போகாது, காணியோடு சேர்ந்து உங்கள் அம்மாவிடம் வரும்.

ஆனால் உறுதியில் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி விடுவது போதாது. வவுனியாவில் பல வருடங்களாக உறுதி மொழிபெயர்த்து வருகிறேன். இப்போதெல்லாம் அந்தச் சொல்லை நான் பிரித்துத்தான் எழுதுகிறேன். ஈடு, ஒற்றி, சீவிய உரித்து, குத்தகை, நிலுவையில் உள்ள வழக்கு, வேறொருவரோடு செய்த விற்பனை உடன்படிக்கை, வழிவாய்க்கால் உரிமை என்று பெயர் சொல்லி எழுதினால், விற்பவர் வாசிக்கும்போதே எங்கோ ஓர் இடத்தில் நின்று "இதில் ஒன்று இருக்கிறதே" என்று சொல்வார். ‘வில்லங்கம் இல்லை’ என்று பொதுவாக எழுதினால் யாரும் நிற்பதில்லை, தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டு விடுவார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று எல்லாரும் நினைப்பதில்லை. தாயின் சீவிய உரித்தும் ஒரு வில்லங்கம்தான் என்பது பலருக்குத் தெரியாது.

உங்கள் வரைவில் அந்த வரியோடு இன்னும் இரண்டு விடயம் சேர்ந்து வந்திருக்க வேண்டும். முழுவதையும் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "மேற்படி காணியை விற்கத் தமக்கு நல்ல உரித்து உண்டென்றும், அக்காணி ஈடு, ஒற்றி, சீவிய உரித்து, குத்தகை, வழக்கு, உடன்படிக்கை முதலிய எவ்வித வில்லங்கமும் அற்றதென்றும், பின்னொரு காலத்தில் யாரேனும் உரித்துக் கேட்டு வந்தால் தம் செலவில் வழக்காடி அவ்வுரித்தைக் காத்துத் தருவதாகவும் விற்பவர் உறுதி கூறுகிறார்."

கடைசிச் சொற்களைக் கவனியுங்கள், ‘உறுதி கூறுகிறார்’. இது விற்பவர் தரும் வாக்கு. காணிப் பதிவகமோ நொத்தாரிசோ தரும் சான்று அல்ல. வாக்குப் பொய்த்தால் அவர்மேல் வழக்குப் போட்டுக் காசைக் கேட்கலாம். அந்த நேரம் அவர் இந்த நாட்டில் இருக்க வேண்டும், கையில் காசும் இருக்க வேண்டும். ஆகவே அந்த வரி உண்மையா என்று நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

வரைவில் வரும் வேறு இரண்டு சொற்றொடர்களையும் அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள். ‘பிரிக்கப்படாத பங்கு’ என்று எங்காவது இருந்தால், நீங்கள் வாங்குவது வேலி போட்ட 2 ஏக்கர் இல்லை. பெரிய காணி ஒன்றில் கணக்களவிலான ஒரு பங்கு மட்டுமே. அடுத்தது, ‘இன்ன இலக்க உறுதியின்படி ஆண்டு அனுபவித்து வரும்’ என்ற வரி. விற்பவருக்கு உரித்து எங்கிருந்து வந்தது என்பதை அந்த இலக்கம்தான் காட்டும். இலக்கம் இல்லாமல் ‘நீண்டகால ஆட்சியின்படி’ என்று மட்டும் இருந்தால், அவர் தானே எழுதிக்கொண்ட ஆட்சி உறுதியை வைத்து விற்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது வேறு கதை. சட்டத்தரணியோடு இருந்து பேசாமல் அச்சாரம் கொடுக்க வேண்டாம்.

சரி, இனி என்ன பார்ப்பது?

வன்னியில் முதல் கேள்வி வில்லங்கம் இல்லை. இது உறுதிக் காணியா, பெர்மிட் காணியா என்பதுதான் முதல் கேள்வி. இந்தப் பக்கத்துக் காணியில் பெரும்பகுதி அரச காணி. குளங்களின் கீழே குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த வயலும் மேட்டுக்காணியும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. முதலில் அனுமதிப்பத்திரம் கொடுப்பார்கள், அதைத்தான் பெர்மிட் என்கிறோம். பிறகு சனாதிபதியின் கையெழுத்தோடு அளிப்பு வரும். சுவர்ணபூமி, ஜயபூமி, ரண்பிம என்று வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பெயரில் கொடுத்தவை எல்லாம் அளிப்புகள். அழகான தாளில் முத்திரையோடு இருப்பதால் பலர் அதை உறுதி என்றே நம்பி இருக்கிறார்கள்.

பெர்மிட்காரர் தன் இஷ்டப்படி காணியை விற்க முடியாது. அளிப்புப் பெற்றவர் விற்பதானாலும் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான முன் அனுமதி வேண்டும். அது இல்லாமல் செய்த கைமாற்றம் செல்லாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அப்படி வாங்கியவர் பத்து வருடம் கிணறு வெட்டி, தென்னை வைத்து, வீடும் கட்டி இருக்கலாம். சட்டத்தின் கண்ணுக்கு அவர் காணிக்காரர் இல்லை. பெர்மிட்காரர் இறந்ததும் அவர் பெயர் குறித்துப் பதிந்து வைத்த பின்னுரித்தாளர் வந்து நிற்பார். வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டி இரண்டு பேர் சாட்சி வைத்து எழுதிய பத்திரமும் இதே நிலைதான். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் கையெழுத்து வைக்காத காணி விற்பனைக்கு வலு இல்லை. போர்க்காலத்தில் வன்னிக்குள் எழுதிய பத்திரங்கள் பல இந்த வகையில் அடிபட்டுப் போயின. அவற்றை வைத்திருப்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, அந்த நேரம் அவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஆனாலும் அதை நம்பி நீங்கள் காசு கொடுக்கக் கூடாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போதும். காணியின் பெயர், கிராம அலுவலர் பிரிவு, எல்லை, விற்பவரின் பெயர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள். அது அவர்களுடைய பதிவேட்டில் இருந்தால் அரச காணி. அரசு ஏதாவது தேவைக்குச் சுவீகரிக்க அறிவித்தல் போட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே கேளுங்கள். விதானையாரிடம் கேட்பதும் நல்லதுதான். ஆனால் அவர் தரும் கடிதம் அந்த இடத்தில் யார் இருக்கிறார் என்பதற்குத்தான் உதவும், உரித்துக்குச் சான்றாகாது.

உறுதிக் காணிதான் என்று தெரிந்தபின் தோம்பு பார்க்க வேண்டும். காணிப் பதிவகத்தில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு தாள் உண்டு. சட்டத்தரணிகள் ஃபோலியோ என்பார்கள், நாங்கள் தோம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மேலே காணியின் பெயரும் எல்லையும் பரப்பும் இருக்கும். கீழே வரிசையாகக் கொடுத்தவர், பெற்றவர், உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர். நடுவில் ஒரு பத்தி, அந்தப் பதிவு என்ன வகைக் கைமாற்றம், என்ன வகைப் பொறுப்பு என்று சொல்லும். நீங்கள் கேட்ட அந்த ஆங்கிலச் சொல் பதிவகத்தில் குடியிருக்கும் இடம் அந்தப் பத்திதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது பலர் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்து "வில்லங்கச் சான்றிதழ் எங்கே எடுக்கலாம்" என்று கேட்கிறார்கள். அங்கே பதிவு அலுவலகம் ஒரு காலத்தைக் குறித்து அப்படி ஒரு சான்றிதழ் தரும். இங்கே அப்படி ஒரு தாள் இல்லை. தோம்பைத் தேடி, சான்றுப்படுத்திய பிரதி எடுத்து, வரி வரியாக நாமே வாசித்து முடிவுக்கு வர வேண்டும். வழமையாகக் குறைந்தது 30 வருடம் பின்னோக்கிப் பார்ப்போம். ஒரு தாள் நிரம்பினால் அடுத்த தாளுக்குக் கொண்டு போவார்கள், எந்தத் தாளுக்குப் போனது என்ற குறிப்பு பழைய தாளில் இருக்கும். புதிய தாளை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். வில்லங்கம் பழைய தாளில் இருக்கும். ஓமந்தைக் காணி வவுனியாப் பதிவகத்துக்கு உரியது என்பதால் உங்களுக்கு அலைச்சல் குறைவு. கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தோடு இருந்தது, ஆகவே அந்தப் பக்கத்துப் பழைய காணி என்றால் எந்தப் பதிவகத்தில் தேடுவது என்பதையே முதலில் கேட்டு அறிய வேண்டும்.

எப்படி வாசிப்பது என்று சொன்னால் விளங்காது, ஒன்றை எடுத்துக் காட்டுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வரைவு மொழிபெயர்ப்புக்கு வந்தது. நெடுங்கேணிப் பக்கம், உங்களைப் போலவே 2 ஏக்கர், விலை 60 லட்சம். விற்பவர் ஒரு பெண், 40 வயதிருக்கும். அதே வரி, வில்லங்கம் எதுவும் இல்லை என்று. வாங்குகிறவரிடம் தோம்புப் பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். தரகர் கொடுத்த ஒரு தாள் இருந்தது. அதில் இரண்டு பதிவு. முதலாவது, தாயும் தகப்பனும் மகளுக்கு எழுதிக் கொடுத்த நன்கொடை உறுதி. இரண்டாவது, அந்த மகள் ஒரு வங்கிக்கு எழுதிய ஈட்டுறுதி.

ஈட்டைப் பற்றி விற்பவர் தயங்காமல் பதில் சொன்னார். கடன் கட்டி முடிந்துவிட்டது, வங்கியின் கடிதமும் கையில் இருக்கிறது என்றார். கடிதம் உண்மையானதுதான். ஆனால் ஈடு மீட்ட உறுதி எழுதி, அதைத் தோம்பில் பதியவில்லை. கடன் தீர்ந்தது வங்கிக்கும் அவருக்கும் தெரியும், தோம்புக்குத் தெரியாது. நாளைக்கு வாங்கியவர் அந்தக் காணியை வைத்துக் கடன் கேட்கப் போனால் அந்தப் பழைய ஈடு முன்னால் வந்து நிற்கும். வங்கியைக் கொண்டு ஈட்டு மீட்சி எழுதிப் பதிந்து, அந்தப் பதிவு தோம்பில் விழுந்தபின்தான் விற்பனை என்று முடிவாயிற்று. அதற்கு ஐந்து வாரம் பிடித்தது.

நன்கொடை உறுதியின் பக்கம் யாரும் பார்க்கவே இல்லை. தோம்பில் ‘நன்கொடை’ என்றுதான் இருந்தது, அதன் பின்னால் மிகச் சிறிய எழுத்தில் இன்னும் ஏதோ எழுதி இருந்தது. மூல உறுதியின் பிரதியை எடுத்துப் பார்த்தோம். கொடுப்பவர்கள் தம் இருவருக்கும் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு மகளுக்குக் கொடுப்பதாக எழுதி இருந்தது. தகப்பன் இறந்துவிட்டார். தாய் உயிரோடு இருக்கிறா, கனடாவில். அந்தத் தாய் இருக்கும்வரை காணியில் குடியிருக்கவும் விளைச்சலை எடுக்கவும் அவவுக்குத்தான் உரிமை. மகளிடம் இருந்தது தாய்க்குப் பிறகு முழுதாகும் ஓர் உரித்து. 60 லட்சம் கொடுத்து அதைத்தான் வாங்கி இருப்பார்கள்.

தாய் மனம் கோணாமல் ஒப்புக்கொண்டா. சீவிய உரித்தை விட்டுக்கொடுக்கும் உறுதிக்காக அங்கிருந்து அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினா. அற்றோணி என்று வந்தால் மூன்று விடயம் பாருங்கள். இந்தக் குறிப்பிட்ட காரியத்தைச் செய்ய அதில் அதிகாரம் எழுதி இருக்கிறதா, இங்கே பதிந்திருக்கிறதா, எழுதிக் கொடுத்தவர் கையெழுத்து வைக்கும் நாளில் உயிரோடு இருக்கிறாரா. எழுதியவர் இறந்தால் அற்றோணியும் அதோடு முடிந்துவிடும். வெளிநாட்டில் நடந்த மரணம் ஊருக்குத் தெரிய வராமல், இறந்தவரின் அற்றோணியை வைத்து விற்ற காணிகள் உண்டு. கையெழுத்துக்கு முதல் அவரோடு காணொளி அழைப்பில் நேரே பேசுங்கள். மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

அந்தப் பெண் திருமணமானவர். இங்கே தேசவழமை வந்து சேர்கிறது. யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள், வட மாகாணத் தமிழருக்கு வன்னியிலும் அது பொருந்தும். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரில் உள்ள அசையாச் சொத்தை விற்பதானால் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அது சீதனக் காணியாக இருந்தாலும் அப்படித்தான். இது சரியா பிழையா என்று எனக்கும் கருத்து உண்டு. 1911ஆம் ஆண்டின் சட்டத்தில் உள்ளது, இன்றும் அதன்படியே உறுதி எழுதுகிறார்கள். கணவர் காணாமல் போனவர் என்றால் என்ன செய்வது? வன்னியில் இந்தக் கேள்வியோடு எத்தனை பெண்கள் வந்திருக்கிறார்கள். அதற்கு வழி இருக்கிறது. கணவர் இருக்கும் இடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுக் கொடுத்து, அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்ற அனுமதியைப் பெறலாம். அந்தக் கட்டளை வரும்வரை வாங்குபவர் பொறுத்திருக்க வேண்டும். "அவர் இனி எங்கே வரப் போகிறார்" என்று கணவரின் பெயரை விட்டுவிட்டு எழுதும் உறுதி ஒருநாள் கேள்விக்கு உள்ளாகும். அந்தப் பெண்ணின் மனதையும் அது வேறு விதமாக நோகடிக்கும்.

விற்பவர் ஆணாக இருந்து, காணியைத் திருமணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கி இருந்தால் அது தேடியதேட்டம். மனைவி இறந்திருந்தால் அவவின் பங்கு முழுவதும் அந்தக் கணவருக்குத் தானாக வராது, பிள்ளைகளிடமும் போயிருக்கும். அவர்களும் கையெழுத்து வைக்க வேண்டும். உங்கள் ஓமந்தைக் காணியை விற்பவர் யார், காணி அவருக்கு எப்போது வந்தது, குடும்பத்தில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் வம்சம் மாதிரி வரைந்து பாருங்கள். இதனோடு முன்னுரிமைக் கொள்வனவும் வருகிறது. தேசவழமைக் காணியில் பங்குக்காரரும், விற்பவர் இறந்தால் உரித்தாளராக வரக்கூடியவர்களும் முதலில் வாங்கும் உரிமை உள்ளவர்கள். 1947ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுக்கு முறையாக அறிவித்தல் கொடுக்கச் சொல்கிறது. ஆகவே உறுதியில் அவர்களும் சம்மதக் கையெழுத்து வைப்பது நல்லது. வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரர் என்பதற்காக மட்டும் யாருக்கும் அந்த உரிமை இல்லை. பழைய ஆட்கள் உண்டு என்று வாதிட்டால் பயப்பட வேண்டாம்.

தாளில் இருப்பதைப் பார்த்தாயிற்று, இனி நிலத்தைப் பார்க்க வேண்டும். தோம்பில் ஏறாத வில்லங்கங்கள் நிலத்தில்தான் கிடக்கின்றன. நெடுங்கேணிக் காணிக்கு உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், விற்பவரும் நான்கு எல்லைக்காரரும் கூட நின்றார்கள். 2 ஏக்கர் என்றால் 320 பேர்ச். அளந்து வந்த கணக்கு 1 ஏக்கர் 3 றூட் 5 பேர்ச், அதாவது 285. குறைந்த 35 பேர்ச்சில் 22 குளத்து ஒதுக்குக்குள் கிடந்தது. உறுதியில் கிழக்கு எல்லை ‘குளம்’ என்று ஒரே சொல்லில் எழுதி இருந்தது, குளத்தின் ஒதுக்கு எங்கே முடிகிறது என்று அந்தக் காலத்தில் யாரும் அளக்கவில்லை. ஒதுக்கு அரசுடையது, அதை யாரும் விற்க முடியாது. மிச்சம் 13 பேர்ச் மேற்கு வேலியோரம் ஓடுகிற வண்டிப்பாதை. பின்னால் இருக்கிற மூன்று குடும்பங்கள் தலைமுறையாக அதால்தான் வயலுக்குப் போய் வருகிறார்கள். அந்தப் பாதை எந்த உறுதியிலும் இல்லை, ஆனால் அடைக்க முடியாது. சட்டத்தில் அதுவும் ஒரு வில்லங்கம்தான், வழியுரிமை என்பது.

60 லட்சத்தை 320ஆல் பிரித்தால் பேர்ச்சுக்கு 18,750 ரூபாய். 285க்கு 53 லட்சத்து 43 ஆயிரத்து 750. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியதும் விற்பவர் முகம் சுருங்கியது, ஆனால் மறுக்கவில்லை, அந்த விலைக்கே முடித்தார்கள். உறுதியின் அட்டவணையில் பழைய எல்லையைத் திருப்பி எழுதாமல், புதிய வரைபட இலக்கத்தையும் திகதியையும் 285 பேர்ச்சையும் எழுதினோம். பாதையையும் மறைக்காமல் எழுதி, ‘மேற்குப் பக்கத்து வழியுரிமை நீங்கலாக வேறெந்த வில்லங்கமும் அற்றது’ என்று வரியைத் திருத்தினோம். அதுதான் உண்மையான வரி.

நிலத்தில் நிற்கும்போது இன்னும் இரண்டு விடயம் பாருங்கள். காட்டோரம் என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்று தேடுங்கள். போரில் இடம்பெயர்ந்து போன வருடங்களில் காணிகளில் காடு ஏறி விட்டது, திரும்பி வந்தபோது உறுதிக் காணிக்குள்ளும் கல் நின்றது. கல் உள்ளே நின்றால் அந்தப் பிணக்குத் தீரும்வரை வாங்க வேண்டாம். காணியில் வயல் துண்டு இருந்தால் கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் யாருடைய பெயர் செய்கைக்காரராக இருக்கிறது என்று பாருங்கள். குத்தகை விவசாயி ஒருவர் பதிவில் இருந்தால், காணி கைமாறியது என்று சொல்லி அவரை எழுப்ப முடியாது. வயலை நிரப்பி வீடு கட்டலாம் என்று தரகர் சொன்னாலும், அதற்கும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

அண்ணாவின் காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மா இலங்கைப் பிரசை என்பதால் அவவின் பெயரில் எழுதுவதில் தடை இல்லை. பிறகு மனம் மாறி அண்ணாவின் பெயரையும் சேர்ப்போம் என்றால் அவருடைய பிரசாவுரிமையை முதலில் பாருங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரசைக்குக் காணி உரித்து எழுத முடியாது. இரட்டைப் பிரசாவுரிமை வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. காசை அவர் வங்கி வழியாக அம்மாவின் கணக்குக்கு அனுப்பட்டும், விற்பவருக்கும் வங்கி வழியாகவே போகட்டும். முத்திரை வரியைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்வார்கள். செய்ய வேண்டாம். நாளைக்கு உரித்து உடைந்து காசைத் திருப்பிக் கேட்கிற நிலை வந்தால், உறுதியில் எழுதிய விலைதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

கையெழுத்து வைக்கிற நாள் காலையில் தோம்பை இன்னொரு முறை பாருங்கள். நீங்கள் முதலில் பார்த்த நாளுக்கும் அன்றைக்கும் இடையில் புதிதாக ஒன்று விழுந்திருக்கலாம். நொத்தாரிசு உறுதியை வாசித்து விளங்கப்படுத்தியதாகத் தன் அத்தாட்சியில் எழுதுவார். ஆகவே உண்மையாகவே வாசிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதிய உறுதி என்றால் அம்மாவுக்குத் தமிழில் வரி வரியாகச் சொல்லும்வரை அவ பேனையை எடுக்க வேண்டாம். உறுதியைத் தமிழிலேயே எழுதித் தரும்படியும் கேட்கலாம். பழைய தமிழ் உறுதிகளில் ‘இதற்குட்பட்ட கிணறும் வான்பயிர் பயன்பயிர்களும்’ என்று வரும், அந்த வரி இருந்தால் நிற்கிற மரமும் கிணறும் பற்றிப் பிறகு பேச்சு வராது.

கையெழுத்து முடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டாம், பதிவை முடியுங்கள். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டப்படி, ஒரே காணியை ஒருவர் இரண்டு பேருக்கு விற்றால், பொதுவாகப் பிந்தி வாங்கி முந்திப் பதிந்தவர் பக்கம்தான் உரித்துச் சாயும். சூது செய்து பதிந்தால் அது வேறு, ஆனால் சூது என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். உறுதி பதிவகத்துக்குப் போன அன்றே நாட்பதிவேட்டில் ஓர் இலக்கம் விழும். அந்த இலக்கத்தை நொத்தாரிசிடம் கேட்டு எழுதி வையுங்கள். சில வாரம் கழித்துப் போய்த் தோம்பின் புதிய பிரதி ஒன்று எடுங்கள். பெற்றவர் என்ற பத்தியில் அம்மாவின் பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா, அடையாள அட்டையில் உள்ள மாதிரியே இருக்கிறதா என்று அவவுக்கே காட்டிச் சரி பாருங்கள். மிச்சக் காசில் ஒரு பகுதியை அதுவரை நிறுத்தி வைக்க விற்பவர் சம்மதித்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், நெடுங்கேணிக்காரர் அப்படித்தான் செய்தார்கள்.